ஆவி முட்டிய நேரம்

எனக்குக் கோபம் வரும் என்பது மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சமையலில் வரும் கோபம் மட்டும் நியாயமானது என்று நான் இன்றுவரை வாதாடுவேன். அரிசி குழைந்த பிறகு, "பரவாயில்லை, வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எல்லாம் ஒன்றல்ல. பிரியாணிச் சட்டியின் வாயை எப்போது அடைக்கிறோம், எவ்வளவு நேரம் அடைத்து வைக்கிறோம், தணலை இழுத்த பிறகு எவ்வளவு நேரம் சும்மா விடுகிறோம் என்பதில் ஒரு மனிதனின் பிழைப்பே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதன் என் கணவர்.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மலாக்கா டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் அதே பேச்சு. என் கணவருக்கும் அந்தக் காய்ச்சல் ஒட்டிக்கொண்டது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் அவருடைய அண்ணனுக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே எட்டு வருஷமாக அண்ணனுக்குக் கீழே கரண்டி பிடித்தவர், ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இனிமே நான் தனியா விருந்துக்குச் சமைக்கப் போறேன்" என்றார். அதாவது சொந்தமாகப் பண்டாரி ஆகப் போகிறாராம். எங்கள் ஆட்கள் விருந்துச் சமையல்காரரைப் பண்டாரி என்போம்.

அவரைத் தூண்டிவிட்டது நான்தான் என்று அவருடைய அண்ணன் நினைத்தார். பாதி உண்மை. அண்ணன் கடையில் இறைச்சியைக் குழம்பாக வேகவைத்துவிட்டு, அதன்மேல் முக்கால் வெந்த சோற்றைக் கொட்டித் தம் போடுவார்கள். கடைக்கு அது வசதி. இருபது நிமிஷத்தில் தம், பத்து நிமிஷம் ஆறவிட்டால் போதும், விற்கத் தொடங்கிவிடலாம். பினாங்கில் என் தாய் வீட்டில் அப்படி இல்லை. தயிர், பப்பாளிக்காய், மசாலாவில் ராத்திரி முழுக்க ஊறிய பச்சை இறைச்சி அடியில் இருக்கும். அதன்மேல் சோறு. இரண்டும் ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் வெந்து முடிய வேண்டும். கல்யாணமான முதல் மாதம் நான் அதைச் செய்து போட்டேன். என் கணவர் தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டார். அன்றைக்கே அவர் மனம் அண்ணன் கடையை விட்டு வெளியேறிவிட்டது என்று நினைக்கிறேன்.

அவருடைய அண்ணன் மோசமானவர் இல்லை. வாய்தான் நீளம்.

"நாடே சொந்தக் கால்ல நிக்கப் போகுதாம், இவரும் நிக்கணுமாம்" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு, தம்பி கேட்காமலே, கடையின் பெரிய செம்புத் தேக்சாவைக் கொடுத்தார். உள்ளே ஈயம் பூசியது. கழுத்து குறுகி அடி அகன்ற சட்டி. இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அந்த மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. அது இல்லாமல் விருந்து எடுக்கவும் முடியாது.

"ஒரே ஒரு விருந்துக்கு" என்றார் அண்ணன். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் சட்டி திரும்பி வரணும். சோறு சரியா வரலைன்னா, சட்டியோட நீயும் வந்து சேரு. அதுக்கப்புறம் பச்சை எறச்சி, தனிக்கடைங்கிற பேச்சே இருக்கக் கூடாது. சரியா?"

என் கணவர், "சரி நானா" என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள். அவர் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து எனக்கு அவர்மேல் பரிதாபமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

விருந்து எங்கள் தெருவிலேயே. நான்கு வீடு தள்ளி ஒரு துணிக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம். நிக்காஹ் வியாழக்கிழமையே முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வந்ததும் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் கிளேபாங்கிலிருந்து வருகிறார்கள். நூறு பேருக்குச் சோறு. இருபது கட்டி அரிசி, இருபத்தைந்து கட்டி ஆட்டிறைச்சி. கட்டி என்பது அந்தக் காலத்து எடை, அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

வெள்ளிக்கிழமை விருந்தில் ஒரு சங்கடம் உண்டு. பண்டாரியும் தொழப் போக வேண்டும். அவருக்கு உதவும் ஆண்களும் போக வேண்டும். எல்லாச் சமையலையும் முடித்துவிட்டுப் போகலாம் என்றால் வருவதற்குள் சோறு ஆறிப் போகும். அதனால் தம்மைப் போட்டு, சட்டியின் வாயை மாவால் அடைத்துவிட்டு, அது தன் பாட்டுக்கு வேகட்டும் என்று தொழப் போவார்கள். திரும்பி வந்து உடைப்பார்கள். அண்ணன் கடையில் எட்டு வருஷமாக என் கணவர் செய்தது இதைத்தான். பாங்கையும் தொழுகை முடியும் நேரத்தையும் வைத்தே அவர் சட்டிக்கு நேரம் கணக்கிடுவார். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் சும்மா அழகுக்குத்தான்.

அன்று காலை மழை விட்டிருந்தது. துணிக்கடைக்காரர் வீட்டுப் பின்வாசலில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டு, அதன்கீழ் செங்கல் அடுக்கி அடுப்பு செய்திருந்தார் என் கணவர். மண் ஈரம். ரப்பர் விறகும் ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. சோறு வடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருந்த நல்ல விறகெல்லாம் அதிலேயே தீர்ந்தது. ஊறிய இறைச்சியைத் தேக்சாவின் அடியில் பரப்பி, வடித்த சோற்றை மேலே அடுக்கி, பொரித்த வெங்காயமும் புதினாவும் தூவி, குங்குமப்பூ கரைத்த பாலைத் தெளித்து, நெய்யை ஊற்றினார். பிசைந்து வைத்த கோதுமை மாவைக் கயிறாகத் திரித்து வாயைச் சுற்றி ஒட்டினேன் நான். மூடியை அழுத்தியது அவர். அடியில் கரித்தணலைத் தள்ளி, மூடிமேலும் நாலு கரண்டி தணல் வைத்தார். அப்போது மணி பதினொன்று நாற்பது.

"பன்னெண்டு நாப்பதுக்கு அடித் தணலை இழுத்துடு" என்றார். "மூடிமேல இருக்கிறது இருக்கட்டும். சட்டி அப்படியே கிடக்கட்டும். ஒண்ணரைக்கு நான் வந்து உடைக்கிறேன். நீ தொடாதே."

"தொடமாட்டேன்" என்றேன். அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளில் ஏறினார். தெருவிலிருந்த ஆண்கள் எல்லாரும் போனார்கள். பின்வாசலில் நானும் சட்டியும் மட்டும். கல்யாண வீட்டுப் பெண்கள் உள்ளே மணப்பெண்ணுக்குப் பூ வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டி வீடு. மலாக்காச் செட்டிகள் தமிழ் இந்துக்களைப் போலக் கோயிலில் கும்பிடுகிறவர்கள், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டம்மா எனக்குச் சிநேகிதி. அவளுக்குத் தமிழில் பத்து வார்த்தை, எனக்கு அவள் மலாயில் இருபது வார்த்தை, அதை வைத்துக்கொண்டே நாங்கள் தெருவில் ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் வேலி வழியாகத் தெரியும். அவள் சன்னலோரம் உட்கார்ந்து, "சுடா மாசாக்?" என்று கேட்டாள். வெந்தாச்சா என்று.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை. அது சட்டி வைத்துப் பத்து நிமிஷம். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

பன்னிரண்டு பத்துக்கு அது வேடிக்கையாக இல்லை. அரைமணி நேரம் ஆகிவிட்டது. சட்டியின் வாயைச் சுற்றியிருந்த மாவைத் தொட்டேன். ஒட்டிய போது எப்படி இருந்ததோ அப்படியே கொழகொழவென்று இருந்தது. உள்ளே ஆவி கிளம்பி மூடியை முட்டியிருந்தால் மாவு வெந்து இறுகத் தொடங்கியிருக்கும். எங்காவது ஒரு ஓரத்தில் மெல்லிசாக ஆவி வந்திருக்கும். ஒன்றும் இல்லை.

சட்டியின் மேல்பக்கத்தைத் தொட்டால் சுட்டது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். அது வடித்துக் கொட்டிய சோற்றின் சூடு. அடுப்பு தந்த சூடு இல்லை. நான் விரலை நனைத்துக்கொண்டு கீழே, இறைச்சி இருக்கும் இடத்தில் தொட்டேன். குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ராத்திரி முழுக்க ஊறிய குளிர்ந்த இறைச்சி இருபத்தைந்து கட்டி, அடியில் ஈர மண், ஈரக்கரி. எங்கிருந்து கொதிக்கும்?

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் கணவர் அண்ணன் கடை அடுப்பின் நேரத்தை இந்தக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே சுவரோடு கட்டிய அடுப்பு. விடியற்காலையிலிருந்து எரிந்து செங்கலே கனிந்து கிடக்கும். சட்டியை வைத்த பத்தாவது நிமிஷம் ஆவி முட்டும். அதனால் மூடியதிலிருந்து எண்ணினாலும் கணக்குப் பெரிதாகத் தப்பாது. பச்சை இறைச்சி என்பதற்காக இருபது நிமிஷத்தை ஒரு மணியாக்கத் தெரிந்தது அவருக்கு. அந்த ஒரு மணி எப்போது தொடங்குகிறது என்று யோசிக்க மறந்துவிட்டார். எட்டு வருஷப் பழக்கம். சட்டியைப் பார்க்காமல் பள்ளிவாசலைப் பார்த்து நேரம் வைத்துவிட்டார்.

அவர் சொன்னபடி பன்னிரண்டு நாற்பதுக்குத் தணலை இழுத்தால், ஒன்றரை மணிக்கு நூறு பேர் முன்னால் அவர் சட்டியைத் திறப்பார். மேலே சோறு, அடியில் சிவப்பாக ரத்தம் கசியும் இறைச்சி. அவருடைய அண்ணன் பக்கத்தில் நிற்பார்.

"ஏய்! சபுட் அடா?" என்று வேலிப் பக்கம் கத்தினேன். தேங்காய் மட்டை இருக்கிறதா என்று. அவள் ஒரு கூடை மட்டையும் காய்ந்த சிரட்டையும் வேலிமேல் தூக்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல சிநேகிதிக்கு அதுதான் லட்சணம். மட்டையைக் கொளுத்தி அடியில் தள்ளினேன். சிரட்டையை அதன்மேல் போட்டேன். சுவாலை சட்டியின் அடியை நக்கியது. தம் போட்ட சட்டிக்குச் சுவாலை ஆகாது என்பார்கள். ஆவி முட்டிய பிறகு ஆகாது. முட்டும்வரை அதுதான் வேண்டும்.

நீளக் கரண்டியின் இரும்புத் தலையைச் சட்டியின் அடிப்பக்கம் வைத்து, மரப்பிடியில் காதை வைத்தேன். என் தாய் வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படிச் செய்வார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஒரு குமிழ். பிறகு இரண்டு. அப்புறம் களகளவென்று பெரிய கொதி. மாவின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஆவி சீறியது. அந்த இடத்தில் ஒரு துண்டு மாவை அப்பினேன்.

"மணி என்ன?" என்றேன் தமிழில், அவசரத்தில். அவள் புரிந்துகொண்டு விரலால் காட்டினாள். பன்னிரண்டரை.

அவர் சொன்ன ஒரு மணியில் ஆவி முட்டும் பத்து நிமிஷம் போக, அங்கிருந்து ஐம்பது நிமிஷம் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒன்று இருபது. அதற்கப்புறம் அரைமணி நேரம் சட்டி ஓய வேண்டும். ஒன்று ஐம்பது. ஆண்கள் வருவது ஒன்றரைக்கு. இருபது நிமிஷம் உதைக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எரிகிற மட்டையை வெளியே இழுத்து, சிரட்டைத் தணலைச் சட்டியின் விளிம்புக்கு நேராக வட்டமாகப் பரப்பினேன். நடுவில் வைத்தால் அடி பிடிக்கும்.

பன்னிரண்டு நாற்பது ஆனது. தணலை இழு என்று அவர் சொன்ன நேரம். நான் இழுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தைரியமாகத்தான் உட்கார்ந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் தம் சட்டியில் ஒரு கொடுமை உண்டு. குழம்பு என்றால் மூடியைத் திறந்து பார்க்கலாம், உப்புப் பார்க்கலாம், தண்ணீர் சேர்க்கலாம். இதைத் திறக்க முடியாது. திறந்தால் ஆவி போய்விடும், ஆவி போனால் மேல் சோறு அரிசியாகவே நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடி பிடித்தாலும் அதன் நாற்றம் முழுச் சட்டிக்கும் ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஒரு மணி தாண்டியதும் கருகல் வாடை வந்தது.

தணலை இழுத்துவிடலாமா என்று குச்சியை எடுத்துவிட்டேன். பிறகு நின்றேன். கரண்டியை வைத்துக் கேட்டேன். அடியில் இன்னும் களகளவென்றுதான் கொதித்தது. தண்ணீர் இருக்கும்போது அடி எப்படிப் பிடிக்கும்? குனிந்து மூக்கைச் சட்டியைச் சுற்றிக் கொண்டுபோனேன். மூடிமேல் வைத்த தணலில் ஒரு துண்டு உருண்டு மாவின் விளிம்பில் விழுந்திருந்தது. மாவுதான் கருகுகிறது. அதைத் தட்டிவிட்டு, கருகிய விளிம்பைச் சுரண்டி எறிந்தேன். கொஞ்ச நேரத்தில் வாடை போனது. நெய்யும் புதினாவும் மணக்கத் தொடங்கின. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன். செட்டி வீட்டம்மாவும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

ஒன்று இருபதுக்குச் சற்று முன்பே சத்தம் மாறியது. களகள அடங்கி, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி சிர்ரென்று மெல்லிய ஓசை. தயிர்த் தண்ணீர் சுண்டி நெய் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம். இனி ஐந்து நிமிஷம் விட்டாலும் கருகும். அடித் தணலை முழுக்க இழுத்து மண்ணில் தள்ளித் தண்ணீர் தெளித்தேன். மூடிமேல் இருந்ததைத் தொடவில்லை. மூடி சூடாக இருந்தால்தான் உள்ளே ஆவி குளிர்ந்து சோற்றின்மேல் சொட்டாது.

சாம்பலிலிருந்து புகை அடங்குவதற்குள் சைக்கிள் மணிகள் கேட்டன.

முதலில் பின்வாசலுக்கு வந்தவர் என் கணவரின் அண்ணன். வருவார் என்று எனக்குத் தெரியும். தணலை மிதித்துப் பார்த்தார், ஈரச் சாம்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் இழுத்தியா?"

"ஆமா பெரிய மச்சான். பத்து நிமிஷம் ஆச்சு."

"பத்து நிமிஷம் போதுமே. திறக்கச் சொல்லு. ஜும்ஆ முடிச்சிட்டு வந்த ஆளுங்களைப் பசியோட உக்கார வைக்கிறதா? என் கடையில ஆளு வந்து உக்காந்தா சோறு முன்னால இருக்கும்."

"உங்க கடையில வெந்த எறச்சி. பத்து நிமிஷம் போதும். இது பச்சை எறச்சி. இன்னும் இருபது நிமிஷம் ஓயணும். இப்ப திறந்தா அடியில மசாலா தண்ணியா ஓடும், சோறு கரண்டி பட்டதும் ஒடிஞ்சு போகும்."

"எனக்கே தம் சொல்லித் தர்றியா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவருக்குப் பின்னால் துணிக்கடைக்காரர், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காந்துட்டாங்க, என்ன லா இது?" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

என் கணவர் சாம்பலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"நான் சொன்ன நேரத்துக்கு இழுக்கலையா?"

"இழுக்கலை."

"ஏன்?"

"ஆவி பன்னெண்டரைக்குத்தான் முட்டுச்சு. நீங்க மூடினதிலேருந்து எண்ணிட்டீங்க."

வேறு எவராக இருந்தாலும் எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்ன மனைவியை அறைந்திருப்பார்கள், அல்லது குறைந்தது முறைத்திருப்பார்கள். அந்தக் காலம் அப்படி. நானும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு எப்போதும் பிறகுதான் வரும். அவரோ குந்தி உட்கார்ந்தார். ஈர மண்ணை உள்ளங்கையால் தொட்டார். மிச்சமிருந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். பிறகு மாவை ஒரு தட்டுத் தட்டினார். சுட்ட ரொட்டி மாதிரி டக்கென்று சத்தம் வந்தது. எழுந்து அண்ணனைப் பார்த்தார்.

"இன்னும் இருபது நிமிஷம் நானா."

"உன் பொண்டாட்டி சொல்றதாலயா?"

"ஆமா" என்றார். "நான் தப்பா எண்ணிட்டேன். அவ சரியா எண்ணியிருக்கா."

இத்தனை வருஷத்தில் எனக்கு நகை வாங்கித் தந்திருக்கிறார், புடவை வாங்கித் தந்திருக்கிறார். எதற்கும் அந்த ஒரு வாக்கியத்துக்குக் குளிர்ந்த மாதிரி என் மனம் குளிர்ந்ததில்லை.

துணிக்கடைக்காரரிடம் திரும்பி, "கடைசியில வைக்கிற ரொட்டி அல்வாவை முதல்ல வையுங்க. சிரப் தண்ணி கொடுங்க. இனிப்புல தொடங்கினா மாப்பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். எந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. துணிக்கடைக்காரர் நம்பிவிட்டார். கிளேபாங்காரர்களும் நம்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்தத் தெருவில் இரண்டு மூன்று கல்யாணங்களில் அல்வாவை முதலில் வைத்தார்கள். கேட்டால் மலாக்கா வழக்கம் என்றார்கள்.

அந்த இருபது நிமிஷமும் அண்ணன் தம்பி இருவரும் சட்டியின் இரண்டு பக்கம் நின்றார்கள். நான் வேலியைப் பார்த்தேன். செட்டி வீட்டம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஐம்பதுக்கு அவள் கையை உயர்த்தினாள்.

என் கணவர் மூடிமேல் இருந்த தணலைத் தள்ளி, சாம்பலை ஈரத் துணியால் துடைத்து, கத்தியை விட்டு மாவை உடைத்தார். மூடியைத் தன் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்துத் திறந்தார். ஆவி போனதும் உள்ளே பார்த்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நின்றது, வெள்ளையும் மஞ்சளுமாக. அவர் கிளறவில்லை. ஓரமாகத் தட்டையான கரண்டியை அடிவரை இறக்கி, அப்படியே மேலே தூக்கினார். இறைச்சி எலும்பைவிட்டு நழுவியது. மசாலா சொட்டாமல் சோற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

தாம்பாளத்துக்கு நான்கு பேராக எல்லோரும் சாப்பிட்டார்கள். குறையொன்றும் இல்லாத சட்டி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் சிரட்டைத் தணல் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, அங்கே கையகல இடம் அடிபிடித்திருந்தது. அதை எவர் தட்டுக்கும் போகவிடாமல் சுரண்டி எடுத்து நானே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. செட்டி வீட்டுக்கு ஒரு பெரிய கிண்ணம் வேலிமேல் போனது. அவள் வாயில் வைத்துவிட்டு, "சுடா மாசாக்" என்றாள், கேள்வியில்லாமல்.

அண்ணன் இரண்டு தடவை சோறு வாங்கினார். விருந்து கலைந்ததும், நான் பின்வாசலில் தேக்சாவைக் கவிழ்த்துச் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்கத் தொடங்கினேன். சாயந்திரம் திருப்பித் தர வேண்டிய சட்டி. சோறு சரியாக வந்தாலும் சட்டி போய்விட்டால் அடுத்த விருந்து எதில் என்று அப்போதுதான் யோசித்தேன். காலையிலிருந்து இருந்த தெம்பு அந்த நேரத்தில் கொஞ்சம் இறங்கியது.

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். அவரைத் தேடி என் கணவரும் வந்தார்.

"ஆவி முட்டினது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று அண்ணன் என்னைக் கேட்டார். கேலி இல்லை. ஒரு பண்டாரி இன்னொரு பண்டாரியைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

கரண்டியை வைத்துக் காட்டினேன். மாவைப் பற்றிச் சொன்னேன். மேலே சுடும், அடியில் சுடாது என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து அந்தக் காலிச் சட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தார், ஏதோ இன்னும் சூடு இருக்கிற மாதிரி. எட்டு வருஷமாக அவருடைய கடை அடுப்பில் இருந்த சட்டி அது.

என் கணவர், "கழுவி முடிச்சதும் நானே கடையில கொண்டு வந்து வச்சிடுறேன் நானா" என்றார்.

"எதுக்கு?" என்றார் அண்ணன். சைக்கிளை எடுத்துத் திருப்பினார். "என் கடைக்கு வெந்த எறச்சிக்கு இவ்வளவு பெரிய சட்டி வேணாம். இங்கேயே கிடக்கட்டும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு என் கணவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சட்டியின் மறுபக்கம் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார்.